கோவை பில், கேரளக் கடை: கட்டிய வரி எப்போது கழியும்?

கேள்வி: "கொழிஞ்சாம்பாறையில் பைப், மோட்டார், கேபிள் கடை வைத்திருக்கிறேன். சரக்கு பெரும்பாலும் கோவையிலிருந்துதான் வருகிறது. வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை விற்பனை வரியில் கழித்துக்கொண்டு வருகிறேன். போன மாதம் அவசரத்துக்கு நானே டெம்போவில் போய் ₹40,000-க்குக் கேபிள் எடுத்து வந்தேன். அந்த பில்லுக்கு மட்டும் இன்புட் கிடையாது என்கிறார் ஆடிட்டர். பில் இருக்கிறது, பணமும் கட்டியாகிவிட்டது, பிறகு ஏன் கிடையாது? இன்புட் எடுக்க நான் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?"

அந்த பில்லை எடுத்து வரி போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். சிஜிஎஸ்டி ₹3,600, எஸ்ஜிஎஸ்டி ₹3,600 என்று இரண்டு வரிகளாக இருந்தால் உங்கள் ஆடிட்டர் சொன்னது சரி. ஐஜிஎஸ்டி ₹7,200 என்று ஒரே வரியாக இருந்திருந்தால் முழுத் தொகையும் கழிந்திருக்கும். வரி விகிதம் 18 சதவீதம்தான், நீங்கள் கொடுத்த பணமும் ஒன்றுதான். எந்தத் தலைப்பில் போட்டார்கள் என்பதில்தான் ₹7,200 போய்விட்டது.

காரணம் இதுதான். ஜிஎஸ்டி பதிவு மாநிலவாரியானது. உங்கள் ஜிஎஸ்டி எண் 32-இல் தொடங்குகிறது, அது கேரளம். கோவைக் கடையின் எண் 33, தமிழ்நாடு. கோவைக்காரர் எஸ்ஜிஎஸ்டி என்று வாங்கிய ₹3,600 தமிழ்நாடு அரசுக்குப் போய்விட்டது. நீங்கள் கொழிஞ்சாம்பாறையில் விற்கும்போது கட்ட வேண்டியது கேரள அரசின் எஸ்ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குப் போன பணத்தைக் கேரளம் கழித்துத் தராது. சிஜிஎஸ்டி மத்திய அரசுக்குத்தானே போகிறது, அதையாவது எடுக்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். போர்ட்டல் அந்தப் பாதியையும் சேர்த்தே தள்ளிவிடும். போர்ட்டல் உங்களுக்குத் தரும் இன்புட் பட்டியலான GSTR-2B-இல் அந்த பில் தெரியும், ஆனால் ITC not available, அதாவது இன்புட் கிடையாது என்ற பகுதியில் தெரியும். விற்றவரின் மாநிலமும், Place of Supply எனப்படும் சரக்கு போய்ச் சேரும் இடமாக பில்லில் போட்டிருப்பதும் ஒன்றாக இருந்து, வாங்கியவர் வேறு மாநிலத்தவராக இருக்கிறார் என்பதுதான் அதற்கு அங்கே காட்டப்படும் காரணம். ஐஜிஎஸ்டி அப்படியல்ல. அதை மத்திய அரசு வாங்கி, சரக்கு போய்ச் சேரும் மாநிலத்தோடு பங்கிட்டுக்கொள்கிறது. அதனால்தான் அது எல்லையைத் தாண்டியும் கழிகிறது.

"நீங்களே கடைக்கு வந்து எடுத்துப் போகிறீர்கள், இது லோக்கல் விற்பனைதான்" என்று கோவைக் கடையில் சொல்லியிருப்பார்கள். பில் போடும் பையனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஐஜிஎஸ்டி சட்டத்தின் 10-ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. சரக்கை விற்றவர் அனுப்பினாலும், வாங்கியவரே எடுத்துப் போனாலும், வேறு யாராவது கொண்டுபோனாலும், வாங்கியவருக்கு ஒப்படைப்பதற்கான பயணம் எங்கே முடிகிறதோ அதுதான் Place of Supply. உங்கள் டெம்போ வேலந்தாவளம் தாண்டி உங்கள் கடை வாசலில் போய் நிற்கிறது. பயணம் முடிந்த இடம் கேரளம். ஆகவே பில்லில் Place of Supply என்ற இடத்தில் 32-Kerala என்று வந்து, வரி ஐஜிஎஸ்டியாக இருந்திருக்க வேண்டும்.

இதை கவுன்டரில் நிற்கும்போதே கேட்டு வாங்குவதுதான் ஒரே நல்ல வழி. பணம் கொடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: உங்கள் ஜிஎஸ்டி எண் பிழையில்லாமல் இருக்கிறதா, Place of Supply கேரளமா, வரி ஐஜிஎஸ்டியா. எண்ணே போடாமல் சாதாரண வாடிக்கையாளர் பில்லாகக் கொடுத்துவிட்டால் அது உங்கள் GSTR-2B-க்கு வரவே வராது, அந்த இன்புட்டும் கிடையாது. பில் போட்டு முடித்த பிறகு தவறு தெரிந்தால் உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர்கள் அந்த மாதத்து விற்பனை ரிட்டர்னான GSTR-1-ஐத் தாக்கல் செய்வதற்கு முன் என்றால் பில்லை மாற்றுவது எளிது. தாக்கல் செய்துவிட்டால் கிரெடிட் நோட், புது பில் என்று அவர்களுடைய கணக்காளருக்கு வேலை கூடும். உங்களுக்காக அதை இழுத்துப்போட்டுச் செய்கிறவர்கள் குறைவு. "எங்களுக்கு நஷ்டமாகுமே" என்று பயந்தால், தவறான தலைப்பில் கட்டிய வரியை அவர்கள் திரும்பப் பெற வழி இருக்கிறது, சரியான தலைப்பில் இப்போது கட்டுவதற்கு வட்டியும் கிடையாது என்று சொல்லுங்கள். சிஜிஎஸ்டி சட்டத்தின் 77-ஆம் பிரிவும் ஐஜிஎஸ்டி சட்டத்தின் 19-ஆம் பிரிவும் இதற்காகத்தான் இருக்கின்றன.

சேவைகளில் மட்டும் ஒரு விதிவிலக்கை நினைவில் வையுங்கள். சரக்கெடுக்கப் போய் கோவையில் லாட்ஜில் தங்கினால் அந்த பில்லில் தமிழ்நாட்டு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிதான் வரும். அது சரியான பில்தான், ஏனென்றால் தங்குமிடத்துக்குக் கட்டடம் இருக்கும் ஊரே கணக்கு. அந்த வரி உங்களுக்குச் செலவு, சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் உங்கள் கடை மோட்டாரைக் கோவையில் காயில் கட்டக் கொடுத்தால், உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருக்கும் வரை, அதற்கு ஐஜிஎஸ்டி பில்தான் வர வேண்டும்.

எல்லைப் பக்கத்தில் இன்னொரு கொடுக்கல் வாங்கல் அடிக்கடி நடக்கிறது. பொள்ளாச்சித் தோட்டக்காரர் ஒருவர் உங்களிடம் மோட்டார் கேட்கிறார். நீங்கள் கோவை மொத்தக் கடைக்கு போன் செய்து, "பில் எனக்குப் போடுங்கள், சரக்கை நேராகப் பொள்ளாச்சியில் இறக்குங்கள்" என்கிறீர்கள். மோட்டார் கேரளத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இருந்தாலும் கோவைக் கடை உங்களுக்கு ஐஜிஎஸ்டிதான் போட வேண்டும். மூன்றாவது ஆள் சொல்லி இன்னொருவருக்குச் சரக்கு இறக்கும்போது, சொன்னவரின் தலைமைக் கடை இருக்கும் இடமே Place of Supply. சரக்கு உங்கள் கைக்கு வராமலேயே, உங்கள் சொல்லின்பேரில் இன்னொருவரிடம் போனாலும் நீங்கள் பெற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், அதனால் இன்புட்டும் உண்டு. நீங்கள் பொள்ளாச்சிக்காரருக்குப் போடும் பில்லும் ஐஜிஎஸ்டி பில்தான். இப்படிச் செய்தால் பில்லில் இரண்டு முகவரிகளும் இருக்க வேண்டும்: யாருக்கு பில், எங்கே இறக்கம்.

சரி, இப்போது கழிப்பதற்கு வருவோம். உங்கள் கணக்கு எனக்குத் தெரியாது, அதனால் ஒரு மாதத்துக்கு மாதிரிக் கணக்கு போடுகிறேன், எல்லாமே 18 சதவீதச் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். கோவையிலிருந்து முறையான பில்லில் ₹4,00,000-க்கு வாங்கினீர்கள், ஐஜிஎஸ்டி ₹72,000. பாலக்காட்டில் ₹1,00,000-க்கு வாங்கினீர்கள், சிஜிஎஸ்டி ₹9,000, எஸ்ஜிஎஸ்டி ₹9,000. ஆக இன்புட் மொத்தம் ₹90,000. கேரளத்துக்குள் ₹5,00,000-க்கு விற்றீர்கள், சிஜிஎஸ்டி ₹45,000, எஸ்ஜிஎஸ்டி ₹45,000. தமிழ்நாட்டுக்கு ₹50,000-க்கு விற்றீர்கள், ஐஜிஎஸ்டி ₹9,000. கட்ட வேண்டியது மொத்தம் ₹99,000. பார்த்தவுடன் ₹9,000 ரொக்கம் கட்டினால் போதும் என்று தெரிகிறது. ஆனால் வரி கட்டும் ரிட்டர்னான GSTR-3B-இல் எப்படிப் பிரித்துப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அது ₹18,000 ஆகவும் மாறலாம்.

விதி இப்படி: ஐஜிஎஸ்டி வரவை முதலில் ஐஜிஎஸ்டி கடனுக்குப் பயன்படுத்த வேண்டும். மீதியை சிஜிஎஸ்டிக்கும் எஸ்ஜிஎஸ்டிக்கும் உங்கள் விருப்பம்போல், எந்த விகிதத்திலும் பிரிக்கலாம். ஐஜிஎஸ்டி வரவு முழுவதும் தீர்ந்த பிறகுதான் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வரவுகளைத் தொட வேண்டும். சிஜிஎஸ்டி வரவால் எஸ்ஜிஎஸ்டியைக் கட்ட முடியாது, மறுபக்கமும் முடியாது.

₹72,000-இல் ₹9,000 தமிழ்நாட்டு விற்பனைக்குப் போய்விட்டது, மீதி ₹63,000. அதில் ₹36,000-ஐ சிஜிஎஸ்டிக்கும் ₹27,000-ஐ எஸ்ஜிஎஸ்டிக்கும் கொடுங்கள். சிஜிஎஸ்டியில் மீதமுள்ள ₹9,000-ஐ அதன் சொந்த வரவு அடைத்துவிடும். எஸ்ஜிஎஸ்டியில் மீதம் ₹18,000, அதன் வரவு ₹9,000 போக ரொக்கம் ₹9,000. இப்போது வேறு மாதிரி செய்து பாருங்கள். முதலில் சிஜிஎஸ்டியை முழுசாக முடித்துவிடலாம் என்று ₹45,000-ஐ அங்கேயே போட்டுவிட்டால் எஸ்ஜிஎஸ்டிக்கு ₹18,000தான் மிஞ்சும். பாலக்காட்டில் வாங்கியதன் சிஜிஎஸ்டி வரவு ₹9,000 பயன்படாமல் லெட்ஜரில் கிடக்கும். எஸ்ஜிஎஸ்டிக்கு வரவு போக ₹18,000 ரொக்கம் கட்ட வேண்டியிருக்கும். அந்த ₹9,000 அழிந்துவிடாது, அடுத்த மாதத்துக்குப் போகும். ஆனால் கோவையிலிருந்தே நிறைய வாங்கும் கடைகளில் இப்படி மாதாமாதம் ஒரு தொகை சேர்ந்துகொண்டே போய், கையில் வரவு இருந்தும் ரொக்கம் கட்டிக்கொண்டிருப்பார்கள். போர்ட்டல் தானாக ஒரு பங்கீட்டைக் காட்டும், அதை மாற்றலாம். சமர்ப்பிக்கும் முன் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டின் சொந்த வரவும் முழுதாகத் தீர்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உங்கள் டெம்போ கேபிள் பில்லும் ஐஜிஎஸ்டியாக இருந்திருந்தால் இந்த மாதிரிக் கணக்கில் ரொக்கம் ₹9,000-இலிருந்து ₹1,800 ஆகியிருக்கும். இப்போதோ அந்தக் கேபிளின் அடக்கவிலையே ₹47,200. அதன்மேல் லாபம் வைத்து, அதற்கும்மேல் மறுபடி 18 சதவீதம் போட்டு விற்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரருக்கு அதே கேபிளின் அடக்கம் ₹40,000.

இனி ஆவணங்கள். பில் சரியாக இருப்பது முதல் படி மட்டும்தான். சிஜிஎஸ்டி சட்டத்தின் 16-ஆம் பிரிவு கேட்பவை: கையில் வரி பில், அதை விற்றவர் தன் GSTR-1-இல் காட்டி உங்கள் GSTR-2B-க்கு வந்திருப்பது, சரக்கை நீங்கள் பெற்றுக்கொண்டிருப்பது, விற்றவர் வரியை உண்மையிலேயே அரசுக்குக் கட்டியிருப்பது, நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்வது. இன்புட் எடுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு எடுத்தவருடையது, அதிகாரியுடையது அல்ல. 155-ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது.

இவற்றில் கடைக்காரர்கள் அலட்சியமாக விடுவது "சரக்கைப் பெற்றுக்கொண்டது" என்பதைத்தான். சரக்கு கடையில் இருக்கிறதே, அதற்கு என்ன சாட்சி என்று நினைப்பார்கள். அதிகாரி மூன்று வருடம் கழித்துக் கேட்கும்போது அந்தச் சரக்கு விற்றுப்போயிருக்கும். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஈகாம் கில் காபி டிரேடிங் வழக்கில் இதைப் பற்றித் தீர்ப்பு சொன்னது. அது கர்நாடக வாட் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு, ஆனால் ஜிஎஸ்டி வழக்குகளிலும் இப்போது அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். பில்லும் காசோலையில் பணம் கொடுத்த ஆதாரமும் மட்டும் போதாது, சரக்கு உண்மையில் நகர்ந்ததைக் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். வண்டி விவரம், வாடகை கொடுத்தது, சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை போன்றவற்றைக் கேட்டது.

அதனால் ஒவ்வொரு லோடுக்கும் ஒரே கட்டாகக் காகிதங்களைச் சேர்த்துக் குத்தி வையுங்கள். பில்லோடு ஈ-வே பில், லாரி ரசீது, எடை பார்த்திருந்தால் எடைச்சீட்டு, வாடகை கொடுத்த வவுச்சர், சரக்கு இறக்கிய தேதியும் கையெழுத்தும். அந்தத் தேதியே உங்கள் ஸ்டாக் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். சரக்கு மதிப்பு வரியோடு சேர்த்து ₹50,000-க்கு மேல் போனால் மாநிலம் தாண்ட ஈ-வே பில் கட்டாயம். உங்கள் கேபிள் ₹47,200 என்பதால் கட்டாயமில்லை. ஆனாலும் போட்டுக்கொள்ளத் தடையில்லை, சொந்த வண்டியில் எடுத்துவரும்போது வாங்குகிறவரே போடலாம். நான் இதை எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். சொந்த டெம்போவுக்கு லாரி ரசீது கிடையாது, வாடகை வவுச்சரும் கிடையாது. அன்று அந்த வண்டி கோவையிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வந்தது என்று சொல்ல அந்த ஈ-வே பில்தான் இருக்கும். கவுன்டரில் ஐஜிஎஸ்டி பில் கேட்கும்போதும் அது உங்கள் பக்கம் பேசும்.

மாதக் கடைசியில் ஒரு சிக்கல் வரும். பில் 30-ஆம் தேதி, சரக்கு அடுத்த மாதம் 2-ஆம் தேதி இறங்குகிறது. 14-ஆம் தேதி வரும் GSTR-2B-இல் அந்த பில் முந்தைய மாதத்திலேயே தெரியும். தெரிகிறதே என்று அந்த மாதமே எடுக்கக் கூடாது. GSTR-3B-இல் இன்புட் எடுக்கும் 4(A)(5) கட்டத்தில் காட்டி, 4(B)(2) கட்டத்தில் திருப்பி, சரக்கு வந்த மாதத்தில் மறுபடி 4(A)(5)-இல் எடுத்து 4(D)(1)-இலும் காட்ட வேண்டும். ஒரே பில்லுக்குப் பைப் மூன்று தவணையாக வந்தால் கடைசித் தவணை வந்த பிறகுதான் எடுக்கலாம். உங்கள் இறக்கத் தேதிப் பதிவு இங்கேயும் வேலைக்கு வருகிறது.

அப்புறம், பணம். நம் பக்கத்தில் மோட்டார், பைப் வியாபாரமே கடனில் ஓடுகிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் போகவில்லை என்றால், போகாத பங்குக்கான இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். பிறகு பணம் கொடுத்ததும் அந்த இன்புட்டை மறுபடி எடுத்துக்கொள்ளலாம், வட்டி மட்டும் திரும்பாது. ஆகவே எந்தக் கட்டுப்பணம் எந்த பில்லுக்கு என்று கணக்கில் குறித்து வையுங்கள். ரவுண்டாக ₹50,000 அனுப்பிவிட்டு "பழைய பாக்கியில் வரவு" என்று எழுதினால், 180 நாளைத் தாண்டியது எந்த பில் என்று யாராலும் சொல்ல முடியாது.

விற்றவர் வரி கட்டினாரா என்பது உங்கள் கையில் இல்லாத விஷயம், ஆனால் பார்க்க முடியும். GSTR-1 போட்டதால் பில் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவர் GSTR-3B போடாமல் விட்டிருப்பார். போர்ட்டலில் Search Taxpayer-இல் அவர் எண்ணைப் போட்டால் ரிட்டர்ன் தாக்கல் நிலவரம் தெரியும். நிதியாண்டு முடிந்து செப்டம்பர் 30 வரை அவர் GSTR-3B போடவில்லை என்றால், நவம்பர் 30-க்குள் நீங்கள் அந்த இன்புட்டைத் திருப்ப வேண்டும். அவர் பிறகு தாக்கல் செய்தால் மீண்டும் எடுக்கலாம். அதே நவம்பர் 30 இன்னொன்றுக்கும் கடைசி நாள்: 2025-26 பில்லுக்கு எடுக்க மறந்த இன்புட்டை 2026 நவம்பர் 30-க்குள், அதற்கு முன் ஆண்டு ரிட்டர்ன் போட்டால் அந்த நாளுக்குள், எடுத்துவிட வேண்டும்.

எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டிய இடங்களும் உண்டு. கடைச் சரக்கிலிருந்து ஒரு மோட்டாரை எடுத்து வீட்டுக் கிணற்றில் இறக்கினால், ஓணத்துக்குப் பிளம்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தால், பைப் திருடுபோனால், அவற்றுக்கு எடுத்த வரி உங்களுக்குச் சேராது. இதற்கு ஒரு சின்ன நோட்டு போதும், ஆனால் அன்றன்றே எழுத வேண்டும்.

இந்தக் காகிதங்களையெல்லாம் அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். தெர்மல் தாளில் வரும் எடைச்சீட்டும் பில்லும் ஒரே வருடத்தில் வெளுத்துவிடும், வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துக் குத்துங்கள்.

உங்கள் ₹7,200-க்கு இப்போது செய்ய வேண்டியது: கோவைக் கடைக்கு இன்றே போன் செய்து, பில்லை ஐஜிஎஸ்டியாக மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள், டெம்போ எண்ணையும் தேதியையும் சொல்லுங்கள். மறுத்துவிட்டால் அதை GSTR-3B-இல் கிடைக்காத இன்புட்டுக்கான 4(D)(2)-இல் காட்டிவிட்டு, கேபிளின் கொள்முதல் விலையிலேயே சேர்த்து எழுதுங்கள். "யாரும் பார்க்கமாட்டார்கள்" என்று 4(A)(5)-இல் ஏற்றிவிட வேண்டாம். GSTR-2B-க்கும் GSTR-3B-க்கும் உள்ள வித்தியாசம் துறைக்கு உடனே தெரியும், எடுத்துப் பயன்படுத்திய தொகைக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு கேட்பார்கள்.